எடைக்கல் யார் கையில்? தென்காசி வட்டாரக் கூரியர் நிறுவனங்களும் போட்டியாளர் ஒப்பீட்டு அட்டவணையும்

(வணிகவியல் துறை ஆண்டுதோறும் நடத்தும் அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். கேள்வி நேர உரையாடல்கள் நீக்கப்பட்டுள்ளன.)



போட்டியாளர் ஒப்பீட்டு அட்டவணை உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள ஒரு சிறிய கருவி. ஒரு தொழிலில் வெற்றியைத் தீர்மானிக்கும் காரணிகளை வரிசையாக எழுதுவோம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று ஓர் எடை போடுவோம். எல்லா எடைகளையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு காரணியிலும் 1 முதல் 4 வரை மதிப்பெண். 1 என்றால் பெரிய பலவீனம், 4 என்றால் பெரிய பலம். எடையை மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. வெற்றிக் காரணி என்ற எண்ணத்தை 1961இல் ரொனால்டு டேனியல் எழுதினார். 1979இல் ஜான் ராக்கர்ட் அதை நிர்வாகிகளுக்கான முறையாக வளர்த்தார். இன்று நீங்கள் படிக்கும் அட்டவணை வடிவத்தைப் பரப்பியது ஃபிரெட் டேவிட்டின் பாடநூல். வரலாறு இவ்வளவு போதும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த அட்டவணையில் நாம் மதிப்பெண்ணைப் பற்றிச் சண்டை போடுகிறோம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது எடை. அந்த எடையை நிறுவனமோ நாமோ உட்கார்ந்த இடத்தில் போடக் கூடாது, பார்சல் அனுப்புகிறவரிடமிருந்து வாங்க வேண்டும். தென்காசியிலும் குற்றாலத்திலும் இயங்கும் மூன்று வகைக் கூரியர் சேவைகளை வைத்து இதைக் காட்ட முயல்கிறேன்.

1. போட்டியாளர் யார்?

பேருந்து நிலையத்திலிருந்து கோயில் பக்கம் நடந்தால் மஞ்சளும் சிவப்புமாகக் கூரியர் பலகைகள் கண்ணில் படும். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை தமிழ்நாட்டுக்குள் நெருக்கமான கிளைகள் வைத்திருப்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.டி. கூரியர் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இரண்டாம் வகை நாடு முழுதும் உரிமக் கிளைகள் மூலம் பரவியது. 1987இல் தொடங்கிய புரொஃபஷனல் கூரியரும், 1990இல் தொடங்கிப் பெங்களூரிலிருந்து இயங்கும் டி.டி.டி.சி.யும் இப்படி வளர்ந்தவை. மூன்றாம் வகை பேருந்தில் ஏற்றி அனுப்பும் பார்சல். ஆம்னி பேருந்துக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலை இது. 2022 ஆகஸ்டில் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் சென்னைக்குப் பார்சல் சேவையைத் தொடங்கியது. அந்த ஊர்ப் பட்டியலில் நம் செங்கோட்டையும் இருந்தது.

மாணவர்கள் தயாரிக்கும் அட்டவணைகளில் இந்த மூன்றாம் வகை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பலகையில் 'கூரியர்' என்று இல்லாததுதான் காரணம். ஆனால் பழக்கூடை அனுப்பும் கடைக்காரர் பலகையைப் பார்ப்பதில்லை, கூடை போய்ச் சேருமா என்றுதான் பார்க்கிறார். அவர் யார் யாரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறாரோ அவர்கள்தான் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அஞ்சல் துறையையும் இங்கே மறக்கக் கூடாது. ஸ்பீடு போஸ்ட் 1986இலிருந்து இருக்கிறது. தனியார் கூரியருக்குக் கிளை இல்லாத மலையடிவாரக் கிராமத்துக்கும் தபால்காரர் போகிறார். மூன்றே நிறுவனங்களை ஒப்பிடுவது இன்றைய பயிற்சி என்பதால் மட்டும் அதைத் தள்ளி வைக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி நான் 'அ', 'ஆ', 'இ' என்று குறிப்பிடப்போவது இந்த மூன்று வகைகளையே. அவற்றுக்கு நான் தரும் மதிப்பெண்கள் கணக்கு காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. மேலே பெயர் சொன்ன எந்த நிறுவனத்தின் மீதும் தீர்ப்பு அல்ல.

2. காரணிகள்: ஒன்றையே இரண்டு பெயரில் எழுதும் தவறு

ஐந்து காரணிகள் எடுத்துக்கொள்கிறேன்: சொன்ன நாளில் சேர்வது, கிராமம் வரை கொண்டுபோய்க் கொடுப்பது, சேதமில்லாமல் சேர்வது, கட்டணம், பார்சல் எங்கே என்று கேட்டால் சரியான பதில் கிடைப்பது.

பாடநூல்களில் பன்னிரண்டு காரணிகள் வரை இருக்கும். அதிகம் எழுதினால் ஆழம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. பட்டியல் நீளும்போது ஒரே விஷயம் இரண்டு பெயரில் உள்ளே வந்துவிடுகிறது. 'கிளைகளின் எண்ணிக்கை' என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தால் எப்படி இருக்கும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளைகள் நிறைய இருப்பதால்தானே கிராமம் வரை கொண்டுபோய்க் கொடுக்க முடிகிறது? அந்தப் பலனுக்கு ஏற்கெனவே மதிப்பெண் கொடுத்துவிட்டோம். இப்போது அதே பலத்துக்கு மறுபடியும் கொடுக்கிறோம். கிளை அதிகமுள்ள 'அ'வுக்கு இரட்டை லாபம். இதனால் எவ்வளவு கோணல் வரும் என்பதை நான்காம் பகுதியில் எண்ணாகவே காட்டுகிறேன்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு காரணிகளை அருகருகே எழுதி, ஒன்றில் 4 வாங்கி மற்றதில் 1 வாங்கும் நிறுவனம் நடைமுறையில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். இருக்க முடியாது என்றால் அவை ஒரே காரணி. கட்டணம் மலிவு, பதில் சொல்ல ஆளில்லை என்ற நிறுவனம் தாராளமாக இருக்கும். அதனால் அவை இரண்டும் வேறு வேறு.

இன்னொரு சின்ன விஷயம். மூன்று பேருமே ஒரே மதிப்பெண் வாங்கும் காரணியால் பயனில்லை. 'மாலையில் கடைக்கே வந்து பார்சல் எடுப்பது' என்பதில் மூவருக்கும் 3 என்றால், அந்தக் காரணி எல்லோர் கூட்டுத்தொகையிலும் சமமாக ஏறிக்கொண்டு, இருக்கும் வித்தியாசத்தை மழுங்கடிக்கும்.

3. மதிப்பெண்: கேட்டுப் போடுவதா, அனுப்பிப் போடுவதா?

'இந்த கம்பெனி எப்படி அண்ணாச்சி?' என்று கேட்டால் 'நல்லாத்தான் கொண்டுபோறாங்க' என்று பதில் வரும். போன மாதம் ஒரு பார்சல் தொலைந்திருந்தால் அதே அண்ணாச்சி வேறு மாதிரி சொல்வார். கடைசியாக நடந்ததே நினைவில் நிற்கும். அதனால் கேட்டு வாங்கிய மதிப்பெண்ணுக்கு நான் அதிக மதிப்பு தருவதில்லை.

அனுப்பிப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒரே மாலையில், ஒரே அளவுப் பெட்டி மூன்றை, மூன்று நிறுவனங்களிலும் ஒரே முகவரிக்குப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய லோடு கிளம்பும் நேரத்துக்கு முன்பா பின்பா என்பதில் ஒரு முழு நாள் அடங்கியிருக்கிறது. கையில் கிடைத்த நேரத்தைப் பெறுபவர் எழுதி வைக்கட்டும். இதைத் திங்களன்றும் சனியன்றும் செய்யுங்கள். மதிப்பெண் அளவுகோலை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்: பத்தில் ஒன்பதோ பத்தோ சொன்ன நாளில் சேர்ந்தால் 4, ஏழு எட்டு என்றால் 3, ஐந்து ஆறு என்றால் 2, அதற்கும் கீழே 1. முடிவைப் பார்த்த பிறகு அளவுகோல் வகுத்தால் பிடித்த நிறுவனத்துக்கு ஏற்றாற்போல் அது வளைந்துவிடும்.

நிறுவனத்தின் இணையதளத்தில் வரும் 'டெலிவரி ஆனது' என்ற வரியை மட்டும் நம்பி மதிப்பெண் போட வேண்டாம். 'வீடு பூட்டியிருந்தது' என்ற பதிவும் அப்படித்தான். வண்டியில் இன்னும் நாற்பது பார்சல் மிச்சமிருக்க, மணி ஆறாகிவிட்டால், போகாத வீடும் பூட்டிய வீடாகிவிடும். எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் நாள் முழுக்க ஆள் இருப்பார் என்று உறுதியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினால் தெரிந்துவிடும்.

கட்டணமும் கேட்டவுடன் சொல்லிவிடும் எண் அல்ல. எடை குறைந்து இடம் அதிகம் அடைக்கும் பெட்டிக்குக் கன அளவை எடையாக மாற்றிக் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம், சேவைக்குச் சேவை மாறும். குற்றாலத்து மங்குஸ்தான் பழத்தை நசுங்காமல் அனுப்ப 40, 30, 30 சென்டிமீட்டர் அளவில் தெர்மாகோல் பெட்டி எடுத்தால், உள்ளே பழமும் பெட்டியுமாக 4 கிலோதான் இருக்கும். பில்லில் 7.2 கிலோ வரும். கவர் அனுப்புகிறவருக்கு 'மலிவு' என்று தெரிந்த அதே நிறுவனம் பழம் அனுப்புகிறவருக்கு 'கொள்ளை' என்று தெரிவது இதனால்தான். கட்டணத்துக்கு மதிப்பெண் போடும்போது எந்தப் பொருளுக்கு என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

4. எடை: இங்கேதான் முடிவு மாறுகிறது

உங்கள் அண்ணன் அக்காமார் பொறியியல் கட்ஆஃப் போட்டது நினைவிருக்கும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நீட் வருவதற்கு முன் மருத்துவத்துக்கு அந்த 100 உயிரியலுக்குப் போனது. ஒரே பிள்ளை, ஒரே மதிப்பெண் பட்டியல், எடை மாறியதும் தரவரிசை மாறிவிடும். கூரியருக்கும் அதே கதைதான்.

மதிப்பெண்களை இப்படி வைத்துக்கொள்வோம்:

| காரணி | அ (மாநில வலை) | ஆ (அகில இந்திய வலை) | இ (பேருந்துப் பார்சல்) |
|---|---|---|---|
| சொன்ன நாளில் சேர்வது | 4 | 3 | 2 |
| கிராமம் வரை கொடுப்பது | 3 | 2 | 1 |
| சேதமில்லாமை | 2 | 3 | 4 |
| கட்டணம் | 3 | 2 | 4 |
| கேட்டால் பதில் | 2 | 4 | 1 |

பேருந்துப் பார்சலுக்குச் சேதமில்லாமையில் ஏன் 4 என்று கேட்பீர்கள். கூரியர் பெட்டி கிளையில் ஏறி, ஹப்பில் இறங்கி, பிரிக்கப்பட்டு, மறுபடி ஏறி, சேரும் ஊர் ஹப்பில் இறங்கி, அங்கிருந்து கிளைக்குப் போய், கடைசியில் இருசக்கர வண்டியில் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் அது எறியப்பட வாய்ப்புண்டு. பேருந்தில் ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்குவதோடு சரி. கை மாறும் எண்ணிக்கை குறைந்தால் உடைவதும் கசிவதும் குறையும். அப்படியானால் நாள் தவறாமையில் ஏன் 2? பேருந்தில் பயணிகளின் பெட்டிக்குத்தான் முதலிடம். கூட்ட நாளில் பார்சல் மறுநாள் வண்டிக்குத் தள்ளிப்போகும்.

முதல் வாடிக்கையாளர் தென்காசியில் உள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகம். அவர்கள் அனுப்புவது கவர்கள் மட்டும். நாளைக்குச் சென்னையில் இருந்தாக வேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்தாக வேண்டும். அவர்களிடம் கேட்டு வாங்கும் எடை இப்படி இருக்கும் என்று கொள்வோம்: நாள் 0.35, கிராமம் 0.15, சேதமில்லாமை 0.10, கட்டணம் 0.15, பதில் 0.25. 'அ'வுக்குக் கணக்கிட்டால் 1.40, 0.45, 0.20, 0.45, 0.50, ஆக மொத்தம் 3.00. இப்படியே 'ஆ'வுக்கு 2.95, 'இ'க்கு 2.10. பேருந்துப் பார்சல் ஆட்டத்திலேயே இல்லை.

இரண்டாம் வாடிக்கையாளர் குற்றாலத்தில் மூலிகை எண்ணெய்யும் பழமும் விற்கும் கடைக்காரர். சென்னையில் இருக்கும் இன்னொரு கடைக்காரருக்கு அனுப்புகிறார். பெறுகிறவர் பேருந்து நிலையத்துக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார். கிராமத்துக்குப் போவது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எண்ணெய் கசிந்து பக்கத்துப் பெட்டியையும் கெடுத்துவிட்டால் கதை முடிந்தது. அவர் எடை: நாள் 0.20, கிராமம் 0.05, சேதமில்லாமை 0.35, கட்டணம் 0.30, பதில் 0.10. இப்போது 'அ' 2.75, 'ஆ' 2.75, 'இ' 3.15.

ஒரு மதிப்பெண்ணைக்கூட நாம் தொடவில்லை. கடைசியில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது. 'தென்காசியில் முதலிடம் யாருக்கு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யாருடைய பார்சலுக்கு என்று கேட்ட பிறகுதான் பதில். தொழில் முழுமைக்கும் சராசரி எடை என்று ஒன்றைப் போட்டு நிரப்பினால், அது தணிக்கையாளருக்கும் பொருந்தாது, எண்ணெய்க் கடைக்காரருக்கும் பொருந்தாது.

இரண்டாம் பகுதியில் சொன்ன பாக்கி ஒன்று இருக்கிறது. 'கிளைகளின் எண்ணிக்கை' என்ற ஆறாவது காரணியை இப்போது சேர்ப்போம். தணிக்கையாளரின் எடையில் 'பதில்' வைத்திருந்த 0.25இலிருந்து 0.15ஐ எடுத்து இதற்குக் கொடுப்போம். 'அ'வுக்கு 4, 'ஆ'வுக்கு 2. மொத்தம் பாருங்கள்: 'அ' 3.30, 'ஆ' 2.65. சற்று முன் 0.05 ஆக இருந்த இடைவெளி இப்போது 0.65. 'அ' நிறுவனத்தின் வட்டார மேலாளர் இந்த அட்டவணையைத் தயாரித்தால் அந்த ஆறாவது வரியை நிச்சயம் எழுதுவார். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. தன் நிறுவனத்தின் பெருமையாக அவர் தினமும் கேட்பது கிளைகளின் எண்ணிக்கையைத்தான்.

3.00க்கும் 2.95க்கும் இடையே ஒரு வித்தியாசமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துப் பார்சலில் ஒன்று மழையில் சிக்கியிருந்தால் போதும், ஒரு மதிப்பெண் சரிந்து வரிசை தலைகீழாகும். ஒரு நிறுவனத்தின் மொத்தம் கூடுதலாக வந்தால் அது அத்தனை சதவீதம் மேலானது என்று பொருள் கொள்ளக் கூடாதென்று டேவிட்டே தம் நூலில் எச்சரிக்கிறார். மாணவர்கள் அந்தப் பத்தியை மட்டும் தவறாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

5. சாரல் காலமும் சபரிமலைக் காலமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலம் வேறு ஊர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள ஐந்தாறு கிலோமீட்டரில் சனி, ஞாயிறு வாகனம் நகராது. முகவரியும் மாறுகிறது. விடுதியில் தங்கியிருப்பவர் பெயருக்கு வரும் பார்சல் வந்து சேர்வதற்குள் அவர் அறையைக் காலி செய்திருப்பார். அந்த மாதங்களில் எடுத்த மதிப்பெண்ணை மார்ச்சில் பயன்படுத்தினால் பொய்யாகிவிடும்.

இதற்கு நேர்மாறான நெரிசல் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு நோக்கி ஏறும். அப்போது அடிபடுவது கேரளப் பக்கம் போகும் சரக்கு. கேரளம் என்றதும் இன்னொன்று. செங்கோட்டையிலிருந்து புனலூர் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. கல்யாண உறவு, கடை உறவு எல்லாம் இன்றும் உண்டு. ஆனால் மாநிலவாரியாக ஹப் வைத்திருக்கும் நிறுவனத்தில், புனலூருக்கான பெட்டி மலையைத் தாண்டாமல் முதலில் எதிர்த்திசையில் மதுரைப் பக்கம் போய், ஹப் ஹப்பாகச் சுற்றித் திரும்பி வர நேரும். மலையைத் தாண்டும் பேருந்து சில மணி நேரத்தில் போய்விடும். சென்னைக்கு 4 வாங்கிய 'அ', புனலூருக்கு 1 வாங்கலாம். அட்டவணையின் தலைப்பில் எந்தத் தடம் என்றும் எந்த மாதம் என்றும் குறிக்காவிட்டால் உள்ளே இருக்கும் எண்களுக்குப் பொருளில்லை.

உரிமக் கிளைகளையும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரே பலகை தொங்கும் தென்காசிக் கிளையும் சுரண்டைக் கிளையும் வெவ்வேறு முதலாளிகளுடையவை. ஒருவர் மூன்று டெலிவரிப் பையன்களை வைத்திருப்பார். மற்றவர் தானே வண்டி எடுத்துக்கொண்டு போவார். நாம் மதிப்பெண் போடுவது நிறுவனத்துக்கு என்று நினைக்கிறோம், பெரும்பாலும் போடுவது அந்த ஒரு கிளைக்காரருக்கு. அவர் உரிமத்தைக் கைமாற்றிவிட்டால் நம் அட்டவணை அன்றோடு காலாவதி.

இத்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். அடுத்த சாரல் தொடங்கும் முன் குற்றாலம், தென்காசி, செங்கோட்டை மூன்று ஊர்களிலும் கடைக்காரர்கள், அலுவலகங்கள், வீட்டிலிருந்து பொருள் விற்கும் பெண்கள் ஆகியோரிடம் மதிப்பெண் கேட்காதீர்கள், எடையை மட்டும் கேளுங்கள். நூறு ரூபாயை இந்த ஐந்துக்கும் பிரித்து வையுங்கள் என்று சொன்னால் யாரும் பிரித்து வைத்துவிடுவார்கள். மதிப்பெண்ணுக்குப் பார்சலை நீங்களே அனுப்பிப் பாருங்கள். அனுப்புகிறவர் வகை ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை தயாரித்து, யாரிடம் எடை கேட்டீர்கள், எந்த மாதம், எந்தத் தடம் என்பதை முதல் வரியில் எழுதி, கேட்ட கடைகளுக்கே ஒரு படி கொண்டுபோய்க் கொடுங்கள்.